பட்டை ஒடுங்கிவிட்டது, இனி வெடிக்குமா?

"அண்ணன், கல்முனையிலிருந்து எழுதுறன். நான் வச்சிருக்கிற பங்கொன்றின்ட சார்ட்டில பொலிங்கர் பட்டை ரெண்டும் ஒட்டின மாதிரி வந்திருக்கு. ஆறு மாசத்தில இப்படி ஒடுங்கினதே இல்ல. வீடியோ போடுறவங்க எல்லாரும் 'இது ஸ்குவீஸ், வெடிக்கப் போகுது' எண்டு சொல்றாங்க. உண்மையா? இப்ப இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடவா?"

தம்பி, வெடிக்கும் என்று பட்டை சொல்லவில்லை. கடந்த 20 நாள் முடிவு விலைகள் ஒன்றைவிட்டு ஒன்று அதிகம் விலகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. வரும் வாரங்களில் தளம்பல், அதாவது விலையின் ஏற்ற இறக்கம், இப்போது இருப்பதைவிடக் கூடும் என்று அதை வைத்து ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். எந்தப் பக்கம், எந்த நாள், எவ்வளவு தூரம் என்ற மூன்றுக்கும் அதற்குள் பதில் இல்லை. ஆகவே "வாங்கிப் போடவா" என்பதற்குப் பட்டையைக் காட்டி ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல என்னால் முடியாது. ஆனால் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அது உதவும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பட்டை எப்படிப் போடப்படுகிறது என்பதை ஒருமுறை கையால் செய்து பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். முன்பு நகரும் சராசரிக்கு மேலும் கீழும் 3%, 5% என்று நிலையான தூரத்தில் கோடு போடுவார்கள். சந்தை அமைதியாக இருந்தாலும் கொந்தளித்தாலும் அந்தத் தூரம் மாறாது. 1980களின் தொடக்கத்தில் ஜோன் பொலிங்கர் என்ற சந்தை ஆய்வாளர் அந்தத் தூரத்தை விலையின் நியம விலகலோடு கட்டிவிட்டார். நடுக்கோடு 20 நாள் சாதாரண சராசரி. மேல்கோடு அதற்கு மேலே இரண்டு நியம விலகல், கீழ்கோடு அதற்குக் கீழே இரண்டு. உயர்தரத்தில் படித்த அதே நியம விலகல்தான், 20 ஆல் பிரிக்கும் வகை. மேல்கோட்டிலிருந்து கீழ்கோட்டைக் கழித்து நடுக்கோட்டால் பிரித்தால் பட்டையின் அகலம். இந்த அகலம் ஆறு மாதத்தில், அதாவது சுமார் 125 சந்தை நாட்களில், மிகக் குறைந்த அளவுக்கு வந்தால் அதைத்தான் ஸ்குவீஸ் என்கிறார்கள். நான் இறுக்கம் என்கிறேன்.

முடிவு விலைகள் B நிரலில் இரண்டாம் வரியிலிருந்து இருந்தால் இவ்வளவுதான் வேலை:

```
C21:  =AVERAGE(B2:B21)
D21:  =STDEV.P(B2:B21)
E21:  =4*D21/C21
F146: =E146=MIN(E22:E146)
```

C, D, E, F நான்கையும் கீழே இழுத்துவிடுங்கள். F நிரலில் TRUE வந்த நாள் இறுக்கமான நாள்.

இப்போது ஒரு கற்பனைப் பங்கை எடுப்போம். ஒருநாள் ரூ. 50.00, மறுநாள் ரூ. 50.40, திரும்ப 50.00 என்று 20 நாள் மாறி மாறி முடிகிறது. சராசரி 50.20. ஒவ்வொரு விலையும் சராசரியிலிருந்து 20 சதம் தள்ளி நிற்பதால் நியம விலகலும் 20 சதம். மேல்கோடு 50.60, கீழ்கோடு 49.80. அகலம் 80 சதம், ஏறத்தாழ 1.6%. நல்ல இறுக்கம்.

இன்னொரு பங்கு 50.20 இல் தொடங்கி நாளொன்றுக்கு 20 சதம் மட்டும் ஏறுகிறது. இருபதாம் நாள் 54.00. அன்றாட அசைவு முதல் பங்கின் பாதிதான். சொல்லப்போனால் அதைவிடச் சாதுவான பங்கு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நியம விலகல் ரூ. 1.15, அகலம் ஏறத்தாழ 8.9%. பாதி அசைவுக்கு ஐந்து மடங்குக்கு மேல் அகலம்.

இந்த இடத்தைத்தான் வீடியோக்காரர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பட்டை அளப்பது நாளுக்கு நாள் விலை எவ்வளவு ஆடுகிறது என்பதை இல்லை. 20 விலைகளும் தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதை. ஆட்டமும் அதற்குள் வரும், ஒரே திசையில் போகும் போக்கும் அதற்குள் வரும். எனவே இறுக்கம் வர வேண்டுமென்றால் விலை மெதுவாக ஆடவும் வேண்டும், எங்கும் போகாமல் நிற்கவும் வேண்டும். அமைதியாக ஏறிக்கொண்டிருக்கும் பங்கில் இறுக்கம் காட்டாது. அதன் தளம்பல் குறைவாகவே இருந்தாலும் காட்டாது.

முதல் பங்குக்குத் திரும்புவோம். 50.00, 50.40 என்று ஆடிக்கொண்டிருந்தது ஒருநாள் திடீரென்று 53.00 இல் முடிகிறது. காலாண்டுக் கணக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுகா பழையபடி 53.00, 53.40, 53.00. பாய்ச்சல் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் அன்றாட ஆட்டம் அதே 40 சதம்.

பாய்ந்த அன்று சராசரி 50.35 ஆகிறது, நியம விலகல் 64 சதம் ஆகிறது. மேல்கோடு 51.63. விலை அதற்கு எவ்வளவோ மேலே நிற்கிறது. கீழ்கோட்டையும் பாருங்கள்: 49.80 இல் இருந்தது 49.07 க்கு இறங்கியிருக்கிறது. விலை ஏறிய நாளில் கீழ்கோடு இறங்குகிறது! புதிதாகப் பார்ப்பவர்களை இது திகைக்க வைக்கும். இரண்டு கோடும் ஒரே நியம விலகலில் தொங்குவதால் பரவல் பெருத்தால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் ஓடும். உண்மையான பாய்ச்சல் தொடங்கியதற்குப் பட்டையில் தெரியும் அடையாளம் இதுதான். எதிர்ப்பக்கக் கோடு திரும்பி உள்ளே வளையத் தொடங்கினால் பாய்ச்சலின் வேகம் தணிகிறது என்று படிக்கலாம்.

ஆனால் அகலத்தைத் தொடர்ந்து பாருங்கள். முதல் நாள் 1.6% இலிருந்து 5.1%. பத்தாம் நாள், பாதி விலை கீழும் பாதி மேலுமாக இருக்கும்போது, 11.7%. பத்தொன்பதாம் நாள் இன்னும் 5% அளவில். இருபதாம் நாள் பழைய விலையில் கடைசி ஒன்றும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. அகலம் ஒரே நாளில் 1.5%. சார்ட்டில் புத்தம் புதிய இறுக்கம்! அன்று சந்தையில் ஒன்றுமே நடக்கவில்லை. 20 நாளுக்கு முந்திய ஒரு விலை ஜன்னலுக்கு வெளியே போனது, அவ்வளவுதான். இடையில் அகலம் இரு வாரமாக ஏறியதும் "தளம்பல் கூடுகிறது" என்பதால் இல்லை, பாய்ச்சல் ஜன்னலின் நடுப்பகுதிக்கு வந்துகொண்டிருந்ததால்.

ஆகவே உங்கள் சார்ட்டில் முதலில் செய்யவேண்டியது, சரியாக 20 சந்தை நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்ப்பது. அந்த இடத்தில், ஒருநாள் அசைவைக் காட்டும் மெழுகுதிரி ஒன்று பெரிதாக நின்றால், நீங்கள் காணும் ஒடுக்கம் அது விழுந்ததன் விளைவு. அப்படி எதுவும் இல்லாமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி வந்திருந்தால் அது பேசத் தகுந்த இறுக்கம்.

இனி, இறுக்கத்துக்குப் பிறகு தளம்பல் கூடும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? தளம்பலுக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, கூட்டமாக வரும். பெரிய அசைவுக்குப் பின் பெரிய அசைவு, சிறிய அசைவுக்குப் பின் சிறிய அசைவு. பருத்தி விலைகளை ஆராய்ந்து கணிதவியலாளர் மண்டல்ப்ரோ 1963 இலேயே இதை எழுதினார். 1982 இல் ரொபர்ட் எங்கிள் இதைக் கணித மாதிரியாக்கினார். 2003 இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழி ஆய்வுக்குத்தான். மற்றக் குணம், நீண்டகாலத்தில் தன் வழக்கமான அளவுக்குத் திரும்பும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் குணத்தின்படி இன்று இறுக்கமென்றால் நாளையும் அமைதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டாவதன்படி சில வாரம் கழித்து இன்றைய அளவைவிடக் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். "இறுக்கம் வந்துவிட்டது, நாளைக்கே வெடிக்கும்" என்பது முதல் குணத்துக்கே எதிரான பேச்சு.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆறு மாதத்தில் மிகக் குறைந்த அளவு என்று நாமே பொறுக்கி எடுத்த நாள் அது. மிகக் குறைந்ததைப் பொறுக்கினால் பின்னால் வருவது பெரும்பாலும் அதைவிடக் கூடவே இருக்கும். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வழக்கமான அளவுக்குத் திரும்புவது ஒரு கதை, வழக்கத்தைத் தாண்டி வெடிப்பது வேறு கதை. இறுக்கம் முதலாவதைத்தான் ஆதரிக்கிறது. உங்கள் பங்கில் இரண்டாவதும் நடக்கிறதா என்று அறிய, F நிரலில் TRUE வந்த நாட்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த 20 நாளின் உச்ச விலைக்கும் அடி விலைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, எல்லா நாட்களுக்குமான அதே இடைவெளியோடு ஒப்பிடுங்கள். இறுக்கமான நாளின் அகலத்தோடு ஒப்பிடக் கூடாது. அப்படிச் செய்தால் எந்தப் பங்கும் வெடித்த மாதிரித்தான் தெரியும். தொடர்ந்து பத்து நாள் TRUE வந்தால் அது ஒரே சம்பவம், பத்தில்லை.

நம் எல்லோருக்கும் தெரிந்த மிகப்பெரிய இறுக்கம் ஒன்றைச் சொல்கிறேன். 2021 செப்டெம்பர் அளவிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை வங்கி டொலர் விலை ரூ. 200 க்கும் 203 க்கும் இடையிலேயே கிடந்தது. அதற்குப் பட்டை போட்டிருந்தால் இரண்டு கோடும் ஒன்றாகத் தெரியும். 2022 மார்ச் 7 இல் மத்திய வங்கி 230 வரை போகலாம் என்று விட்டது; அதன்பின் அதுவும் நிற்கவில்லை. மே மாத நடுப்பகுதியில் டொலர் 360 அளவில்.

"பார், இறுக்கம் வெடித்தது" என்று இதைக் காட்டலாம்தான். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். செப்டெம்பரில் இறுக்கத்தைக் கண்டவருக்கு மார்ச் வரை ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மாதம் பட்டை ஒரே செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தது. விலை அசையாமல் நின்றது வாங்குபவரும் விற்பவரும் ஒத்துப்போனதால் இல்லை, பிடித்து வைத்ததால். எந்தப் பக்கம் உடையும் என்பதும் பட்டையில் இல்லை. அது காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கட்டாரிலிருந்து பணம் வரும் எந்த வீட்டிலும் தெரிந்திருந்தது. உண்டியல்காரரிடம் வங்கியைவிடக் கூடிய விலை ஓடியது, வங்கியில் டொலர் கேட்டால் கிடைக்கவில்லை, துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கின. திசையைச் சொன்னவை இவை. மார்ச்சில் விலை மேல்கோட்டைக் கிழித்தபோது "பட்டைக்கு வெளியே போய்விட்டது, இனித் திரும்பும்" என்று 230 இல் டொலரை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். இறுக்கத்தின் பின் வரும் முதல் கிழிப்பை மட்டும் வைத்து விலை திரும்பும் என்று சொல்ல முடியாது. விலை கோட்டைப் பிடித்துக்கொண்டே நெடுந்தூரம் நடக்கலாம்.

இந்த உதாரணத்திலிருந்து நம் பங்குகளுக்கு நேராக வரும் பாடம் ஒன்றுண்டு: பட்டை ஒடுங்கியதற்கான காரணத்தைத் தேடுங்கள். கொழும்புச் சந்தையில் பல பங்குகள் நாள் முழுக்கச் சில நூறு மட்டுமே கைமாறும். சில நாள் ஒன்றும் கைமாறாது. கைமாறாத நாளில் முந்திய விலையே முடிவு விலையாக நிற்கும். அக்கரைப்பற்று மில்லில் பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் நடுவில் பலகையில் எழுதிய நெல் விலை வாரக்கணக்கில் மாறாமல் கிடப்பதுபோல: விலை நிலையாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, விற்க நெல் வரவில்லை. அப்படிப்பட்ட பங்கில் வரும் இறுக்கம் தளம்பலைப் பற்றி எதையும் சொல்லாது. கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் வியாபார எண்ணிக்கையையும் சார்ட்டின் அடியில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மறுபக்கமாக, ரூ. 2.00 விலைப் பங்கு 10 சதம் அசைந்தாலே 5%. அதில் பட்டை அகலம், விலை அசையக்கூடிய மிகச்சிறிய படியைத்தான் அளக்கிறது. இந்த இரண்டு வகைப் பங்குகளிலும் நான் பட்டையைப் பார்ப்பதே இல்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். வெளிநாட்டில் ஒப்ஷன் வியாபாரம் செய்பவர் இறுக்கத்தைக் கண்டால், திசை தெரியாமலே தளம்பலை மட்டும் வாங்கலாம்: பெரிதாக ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குப் பலன். பட்டை சொல்லும் செய்தி அவருக்கு நேராகப் பொருந்தும். சிடிஎஸ் கணக்கை வைத்துக்கொண்டு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருந்து வியாபாரம் செய்யும் நமக்குப் பெரும்பாலும் வாங்குவது ஒன்றுதான் வழி. அதாவது நம் கையில் இருக்கும் தகவல் தளம்பலைப் பற்றியது, நாம் வைக்கும் பந்தயம் திசையைப் பற்றியது. இடையில் பெரிய பள்ளம்.

செலவும் உண்டு. கொழும்பில் சாதாரண அளவு வியாபாரத்துக்குத் தரகு, வரி எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்குச் சுமார் 1.12%. வாங்கி விற்றால் 2.24%. நமது 50.20 பங்கில் அது ரூ. 1.12. பட்டையின் முழு அகலமே 80 சதம்! கீழ்கோட்டில் வாங்கி மேல்கோட்டில் விற்கும் கெட்டிக்காரன்கூட இறுக்கத்துக்குள் நட்டத்தில்தான் வெளியே வருவான்.

பட்டை உண்மையில் உதவுவது எத்தனை பங்கு வாங்குவது என்பதில். உங்களிடம் ரூ. 200,000 இருக்கிறது, ஒரு வியாபாரத்தில் 4,000 க்கு மேல் இழக்க விரும்பவில்லை என்று வைப்போம். 50.20 இல் வாங்கி, கீழ்கோடு 49.80 உடைந்தால் வெளியேறுவேன் என்று முடிவெடுத்தால், செலவைச் சேர்க்காமல் பங்கொன்றுக்கு இழப்பு 40 சதம். 4,000 ஐ 40 சதத்தால் பிரித்தால் 10,000 பங்கு. விலை ஐந்து இலட்சத்துக்கு மேல்! கையில் இருப்பதைவிட இரண்டரை மடங்கு. கடன் எடுத்து வாங்கச் சொல்லும் கணக்கு இது. இறுக்கமான நேரத்தில் ஆட்கள் பெரிதாக அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான்: அமைதி நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டிவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக அந்தப் பங்கின் ஆறு மாத வழக்கமான அகலத்தை எடுங்கள். E நிரலின் 125 எண்களின் இடையம் போதும். அது 8% என்று வைத்தால், நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத் தூரம் 4%, ஏறத்தாழ ரூ. 2. தளம்பல் அந்த அளவுக்குத் திரும்பும் என்றுதானே எதிர்பார்க்கிறோம்? அப்படியானால் வெளியேறும் விலையும் அந்தத் தூரத்தில் இருக்க வேண்டும்; 49.80 இல் வைத்தால் சாதாரண ஆட்டமே உங்களைத் தூக்கி வெளியே போட்டுவிடும். 4,000 ஐ ரூ. 2 ஆல் பிரித்தால் 2,000 பங்கு, ரூ. 100,400. கையிருப்பில் பாதி. ஏற்கெனவே வைத்திருக்கும் பங்கையும் இந்த 2,000 க்குள் சேர்த்துக் கணக்கிடுங்கள். மேலதிகமாக வாங்க இடமிருக்கிறதா இல்லையா என்பது அப்போது தெரியும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பொய்த் தொடக்கத்தையும் எதிர்பாருங்கள். இறுக்கத்தின் முடிவில் விலை ஒரு பக்கம் கோட்டைத் தாண்டிப் போய், ஓரிரு நாளில் திரும்பி மறுபக்கம் பெரிதாக ஓடுவது அடிக்கடி நடக்கும். பொலிங்கரே இதை எச்சரித்திருக்கிறார். இதைத் தவிர்க்க நிச்சயமான வழி கிடையாது. தாண்டிய அன்று கைமாறிய எண்ணிக்கை அந்த 20 நாள் சராசரியை ஒட்டியே இருந்து, எதிர்ப்பக்கக் கோடு விரியாமலும் இருந்தால் நான் சந்தேகிப்பேன். எண்ணிக்கை பல மடங்காகி, இரண்டு கோடும் எதிரெதிராக விரிந்தால் கொஞ்சம் நம்புவேன். அப்போதும் எடுக்க நினைத்த அளவில் பாதியை மட்டும் எடுத்து, மீதியை விலை திரும்பி நடுக்கோட்டுப் பக்கம் வந்து தாங்கி நின்ற பிறகு எடுப்பேன். பங்கிலாபம் கழியும் திகதி அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பங்கிலாபம் கழிந்த நாளில் விலை அந்த அளவுக்கு இறங்கித் திறந்தால், ஒடுங்கிய பட்டையின் கீழ்கோடு அதிலேயே உடைந்ததாகக் காட்டும்.